ஒரே சம்பளம், ஆடுகிற வேலை: கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

கேள்வி: வணக்கம் சார். என் கணவருக்கு வயது 38, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கையில் வருவது 46,000. நான் வேலைக்குப் போகவில்லை. பையன் ஏழாவது, பொண்ணு இரண்டாவது. சுகர், பி.பி. உள்ள மாமியார் எங்களோடு இருக்கிறார். மாதம் 44,000 செலவாகிவிடுகிறது (கணக்கு நோட்டுப் பக்கம் இணைத்திருக்கிறேன்). பழைய கம்பெனியில் ஆள் குறைத்தபோது நாலு மாதம் வேலையில்லாமல் இருந்தார். இப்போதைய கம்பெனியில் 7ஆம் தேதி வர வேண்டிய சம்பளம் 20 வரை இழுக்கிறது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்ததுதான். பேங்கில் 70,000, இன்னும் எடுக்காத 2 லட்ச ரூபாய் சீட்டு (50 மாதம், 31 கட்டியாச்சு, பதிவான கம்பெனி), 8 பவுன் நகை. மூணு மாதச் சம்பளம் போதும் என்கிறான் தம்பி, ஒரு வருஷத்துக்கு வேண்டும் என்கிறார்கள் யூடியூபில். எவ்வளவு வைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும்?

பதில்: என் கணக்கில் இன்றைய நிலைமைக்கு உங்களுக்கு வேண்டியது 3 லட்சத்து 40 ஆயிரம். ஒரு வருடம் கழித்து இதுவே 3 லட்சத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். தம்பி சொல்வதும் யூடியூப் சொல்வதும் இரண்டுமே சம்பளத்தை மாதத்தால் பெருக்குகிற கணக்கு. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. வேலை போன மாதத்தில் வீடு சம்பள அளவுக்குச் செலவு செய்யாது, ஆனால் அந்தச் சமயம் பார்த்து மாதக் கணக்கில் வராத பெரிய செலவு ஒன்று வாசலில் வந்து நிற்கும். அதனால் மூன்று விஷயத்தைத் தனித்தனியாகப் பார்ப்போம்: இறுக்கிப் பிடித்தால் ஒரு மாதம் எவ்வளவில் ஓடும், காசு வராத காலம் எவ்வளவு, அந்தக் காலத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டியது என்ன.

முதலில் மாதம். உங்கள் நோட்டை வைத்துக்கொண்டு, நாளைக்கே சம்பளம் நின்றால் எது நிற்கும், எது நிற்காது என்று கோடு போட்டுப் பார்த்தேன். வாடகை 9,500 அப்படியே. மளிகை, பால், காய், கேஸ் 13,000 போகிறது, அதை 11,500 வரை இறக்கலாம், அதற்குக் கீழே எழுதினால் பேப்பரில்தான் நடக்கும். கரண்ட் பில்லும் போன் ரீசார்ஜும் 1,700. டியூஷனை நிறுத்தலாம், வேனை நிறுத்த முடியாது, 2,000. மாமியார் மாத்திரை 1,800. வண்டிக் கடன் தவணை 3,400. பெட்ரோல் 1,500, வேலை தேடி அலைகிறவருக்கும் வண்டி ஓட வேண்டுமே. சீட்டு 4,000. ஒரு மொய், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல், பஞ்சர் என்று 1,600. கூட்டினால் 37,000.

44,000 செலவாகிற வீடு என்ன இறுக்கினாலும் 37,000க்குத்தான் வருகிறது, கவனித்தீர்களா? நிறையப் பேர் "வேலை போனால் பாதிச் செலவில் ஓட்டிவிடுவோம்" என்பார்கள். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் வாடகை, தவணை, சீட்டு, வேன், மருந்து. இவையெல்லாம் நம் சம்பளம் வந்ததா என்று கேட்டுவிட்டு வருவதில்லை. கடந்த தடவை வேலையில்லாத மாதங்களின் நோட்டுப் பக்கம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், என் 37,000 கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கலாம். உங்கள் நோட்டு சொல்வதே சரியான எண், என்னுடையதை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து காலம். இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். நாலு மாதம் வேலையில்லை என்கிறீர்கள். நமக்கு வேண்டியது வேலையில்லாத நாள் கணக்கு அல்ல, கடைசியாக முழுச் சம்பளம் கைக்கு வந்த தேதிக்கும் அடுத்த முழுச் சம்பளம் கைக்கு வந்த தேதிக்கும் இடையில் எவ்வளவு என்பது. பழைய கம்பெனி கடைசி மாதச் சம்பளத்தை செட்டில்மெண்ட்டோடு தருகிறேன் என்று நிறுத்தி வைக்கும். புதுக் கம்பெனியில் மாத நடுவில் சேர்ந்தால் முதலில் வருவது அரைச் சம்பளம், அதுவும் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்கு மேல். இப்படி இரு பக்கமும் கூட்டினால் நாலு மாதம் ஐந்தரை ஆகிவிடும். அதை ஆறாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் ஐந்தரையிலேயே நிற்கவில்லை என்றால், உங்கள் கணவரின் வேலை அப்படி. ஒரு மெர்ச்சண்டைசரை அவர் கம்பெனி மட்டும் அனுப்பினால் அவிநாசி ரோட்டில் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஊருக்கே ஆர்டர் குறைந்தால் எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தும். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது நடந்தது அதுதானே? அமெரிக்க பையரை நம்பியிருந்தவர்கள் பலருக்கும் ஒரே நேரத்தில் ஆர்டர் அடிபட்டது. ஊரே சேர்ந்து வேலை தேடும்போது போன தடவை ஆன நாலு மாதம் நாலரை ஆகும். ஒரே தொழிலை நம்பிய ஊரில் இருப்பவர்கள் தங்கள் பழைய அனுபவத்தோடு கொஞ்சம் கூட்டி வைப்பதுதான் நல்லது.

37,000ஐ ஆறால் பெருக்கினால் 2,22,000.

இனி மொத்தச் செலவு. பள்ளிக் கட்டணம் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஒரு டெர்முக்கு 28,000 என்று நோட்டில் இருக்கிறது. மூன்று டெர்ம். எந்த ஆறு மாதத்தை எடுத்தாலும் அதற்குள் இரண்டு டெர்ம் விழும் என்றே வையுங்கள், 56,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 18,000 என்று எழுதுகிறேன், அதற்கான காரணம் கீழே. மாமியாரை ஒரு நாள் திடீரென ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் முன்பணமாகவும் பில்லாகவும் 40,000. ஆக 1,14,000. இரண்டும் சேர்ந்து 3,36,000, அதைத்தான் 3 லட்சத்து 40 ஆயிரம் என்றேன்.

இப்போது தம்பியின் கணக்கைப் பாருங்கள். மூணு மாதச் சம்பளம் என்றால் 1,38,000. மூன்று மாத இறுக்கிய செலவு 1,11,000, ஒரு டெர்ம் ஃபீஸ் 28,000, மொத்தம் 1,39,000. மூன்றாம் மாதம் முடியும்போது பெட்டி சுத்தமாகக் காலி, உங்கள் கணவர் அப்போது இரண்டாவது ரவுண்டு இன்டர்வியூவில் இருப்பார். யூடியூப் சொல்கிற ஒரு வருடத்துக்கு ஆறு லட்சம் போல ஆகும். மாதம் 2,000 மிச்சமாகிற வீட்டுக்கு அந்த எண்ணைச் சொன்னால் யாரும் சேர்க்கத் தொடங்கவே மாட்டார்கள். பன்னிரண்டு மாதம் சும்மா இருக்கப் போகிறவரும் இல்லை உங்கள் கணவர். ஆறாவது மாதத்தில் சம்பளம் குறைந்தாலும் ஒரு வேலையில் உட்கார்ந்துவிடுவார்.

காப்பீட்டுக்கு வருகிறேன். கம்பெனி கொடுத்த பாலிசி பொதுவாக வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். வேலை போன பிறகு புதிதாக எடுக்கலாம் என்று நினைத்தால், புது பாலிசியில் விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு இருக்கும், ஏற்கனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை. அந்தக் காத்திருப்புக் காலம் சம்பளம் வருகிற இப்போதே ஓடித் தீரட்டும். நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் சேர்ந்து 5 லட்சத்துக்கு ஒரு குடும்ப பாலிசி எடுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 18,000 என்பது நான் இடம் பிடித்து வைத்த எண். மாமியாருக்கு அவர் வயதிலும் சுகரிலும் தனி பாலிசி விலை அதிகமாக இருக்கும், முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் அதற்குத்தான் அந்த 40,000. அவர் மாத்திரையை ஏன் கடையில் வாங்குகிறீர்கள் என்று தெரியவில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரை இலவசமாக வீட்டுக்கே வரும். டாக்டர் எழுதிய மருந்தும் அங்கே தருவதும் ஒன்றா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மாதம் 1,800 என்பது ஆறு மாதத்தில் 10,800.

சரி, கையில் 70,000, வேண்டியது 3,40,000. இடைவெளியை எதை வைத்து நிரப்புவது?

சீட்டை எடுங்கள். இதை நான் சுலபமாகச் சொல்கிற ஆள் இல்லை, கழிவு கொடுத்துச் சீட்டு எடுப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் இப்போது எடுக்காமல், வேலை போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஏலத்தில் சீட்டு உங்களுக்கே விழும், பணம் கைக்கு வராது. மீதித் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள். வேலை இல்லாதவருக்கு ஜாமீன் நிற்க அலுவலக நண்பர்கள் தயங்குவார்கள், அவர்கள் நாற்காலியும் ஆடிக்கொண்டிருக்கும் நேரமாச்சே. இன்றைக்கு உங்கள் கணவர் சம்பளக்காரர், ஜாமீன் கிடைக்கும், பேப்பர் ஓடும். அதனால் ஜாமீனுக்கு யார், என்ன பேப்பர் வேண்டும் என்று முதலில் கேட்டு வைத்துவிட்டு, அப்புறம் ஏலத்துக்குப் போங்கள். 19 மாதம் மிச்சமிருக்கிற இந்தக் கட்டத்தில் போட்டி ஓரளவு தணிந்திருக்கும். கழிவு 25,000 போய் 1,75,000 கைக்கு வந்தால் எடுத்துவிடலாம். 30,000ஐத் தாண்டி ஏறினால் கையை இறக்கிவிட்டு அடுத்த மாதம் பாருங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், சம்பளம் 20ஆம் தேதியையும் தாண்டினால் கழிவைப் பார்க்காமல் எடுங்கள். மீதி 19 தவணையும் கட்டியே தீர வேண்டும், அதனால்தான் 4,000ஐ இறுக்கிய மாதத்திலும் விடாமல் வைத்தேன். இது தெருவில் தெரிந்தவர் நடத்துகிற சீட்டாக இருந்திருந்தால் இந்த மாதமே எடுங்கள் என்றிருப்பேன்.

அதோடு 2,45,000 ஆகிவிடும். மிச்சம் 95,000. இங்கேதான் இலக்கும் கொஞ்சம் கீழே இறங்கி வருகிறது. வண்டிக் கடன் ஏழு தவணையில் முடிகிறது. அதற்கு அப்புறம் இறுக்கிய மாதத்தில் 3,400 குறையும், மாத்திரைக்கு 1,800 குறையும், 37,000 என்பது 31,800 ஆகும். ஆறு மாதத்துக்கு 1,90,800, மொத்தச் செலவைச் சேர்த்தால் 3,05,000க்குள் அடங்கும். ஆக நீங்கள் சேர்க்க வேண்டியது 60,000 மட்டும். ஏழு மாதத்துக்கு மாதம் 3,800 (இப்போது மிச்சமாகும் 2,000, மாத்திரையில் மிஞ்சும் 1,800) போட்டால் 26,600. பிறகு தவணைப் பணத்தையும் சேர்த்து மாதம் 7,200, ஐந்து மாதத்தில் மீதி முடிந்துவிடும். இந்த வருட பிரீமியத்தை இப்போது 70,000இலிருந்து கட்டிவிட்டு தீபாவளி போனஸில் அதை நிரப்பிவிடுங்கள். வண்டிக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாமா என்று கணவர் கேட்பார். வேண்டாம். ஏழு மாதத்தில் தானாக முடியப் போகிற கடனுக்காகக் கையிலிருக்கிற காசை ஒரேயடியாகக் கொடுப்பதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

எங்கே வைப்பது? 40,000 உங்கள் பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்கிற சேமிப்புக் கணக்கில். அது சம்பளக் கணக்காக இருக்கக் கூடாது, தவணை தானாகப் பிடித்துக்கொள்கிற கணக்காகவும் இருக்கக் கூடாது, ஜிபேயில் இணைக்கவும் வேண்டாம். மீதியை வங்கி எஃப்.டி.யில் போடுங்கள், ஆனால் இரண்டு லட்சத்துக்கு ஒரே எஃப்.டி.யாகப் போடாமல் 37,000 வீதம் தனித்தனியாகப் போடுங்கள். ஒரு மாதம் காசு இல்லையென்றால் ஒன்றை உடைத்தால் போதும், மற்றவை வட்டியோடு நிற்கும். முன்கூட்டி உடைத்தால் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதம் வட்டியில் பிடிப்பார்கள், அது பெரிய விஷயமில்லை. வங்கியில் வரி சேமிப்பு எஃப்.டி. என்று ஒன்றை நீட்டுவார்கள். அதை ஐந்து வருடத்துக்கு உடைக்க முடியாது, இதற்கு ஆகாது. நாமினி பெயர் இருக்கிறதா என்றும், உடைப்பது எப்படி என்று உங்களுக்கே தெரிகிறதா என்றும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், கணவரின் போனில் மட்டும் இருக்கிற நெட்பேங்கிங்கை நம்பாதீர்கள்.

நகையை இந்த 3,40,000இல் நான் சேர்க்கவே இல்லை, பி.எஃப்.பையும் சேர்க்கவில்லை. நகை இரண்டாம் வரிசை. சம்பளம் இல்லாதபோது வைத்த நகைக்கு வட்டியும் சம்பளம் இல்லாமலேயே ஏறும், ஆறாம் மாதம் மீட்க வேண்டிய இடத்தில் மறு அடகு வைப்போம், அடுத்தது ஏல நோட்டீஸ். ஆஸ்பத்திரி போன்ற ஒரு பெரிய செலவுக்கு வங்கியில் வைக்கலாம், வாடகைக்கும் மளிகைக்கும் வைக்க வேண்டாம்.

பி.எஃப்.பில் வேலை போன உடனே 75 சதவீதம் எடுக்கலாம், மீதியை ஒரு வருடம் கழித்து என்று 2025 அக்டோபரில் அதன் வாரியம் முடிவெடுத்தது. ஆனால் பணம் வருவது விதியை விட ஆவணத்தைப் பொறுத்தது. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் இனிஷியலோடு ஒரு பெயர் என்றால் மனு திரும்பும். பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியை ஏற்றாமல் இருந்தால் திரும்பும், பழைய கணக்கு புதிய கணக்கோடு சேராமல் இருந்தால் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று கிடக்கும். இதையெல்லாம் இந்த மாதமே கணவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கும்போதே பாஸ்புக்கில் கடைசியாக எந்த மாதத்துப் பணம் ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு மாதத்துக்கான பி.எஃப்.பை கம்பெனி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளத்தை இழுக்கிற கம்பெனி முதலில் கை வைப்பது பெரும்பாலும் இதில்தான். அங்கே இரண்டு, மூன்று மாதம் விடுபட்டிருந்தால் சம்பளத் தாமதம் தற்காலிகம் என்று ஹெச்.ஆர். சொல்வதை நம்பாமல் இப்போதே வேறு இடம் பார்க்கத் தொடங்கலாம்.

சம்பளம் 20ஆம் தேதி வரை இழுக்கும் மாதங்களில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை, கைமாற்று வாங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இனிமேல் இந்த நிதியிலிருந்து எடுங்கள், சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகையைத் திரும்பப் போடுங்கள், நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கும்தான் இந்தப் பணம். வேலை போனால் எந்த இடத்தில் பிடிவாதத்தை விடுவது என்பதையும் இப்போதே இருவரும் பேசி வையுங்கள்: நிதி இரண்டு மாதச் செலவுக்கு, அதாவது 74,000க்கு, இறங்கிவிட்டால் 46,000 சம்பளம் என்று காத்திருக்காமல் 30,000க்குக் கிடைத்தாலும் சேர்ந்துவிட்டு அங்கிருந்து தேடுவது. காசு தீர்கிற வாரத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் சண்டைதான் வரும்.

நீங்களும் ஏதாவது வேலை பார்க்கலாமா என்று கேட்டால், மாதம் 6,000 வந்தால்கூட ஆறு மாதத்தில் 36,000, நல்லதுதான். ஆனால் பனியன் பிசிறு வெட்டுவது, செக்கிங் போன்ற வேலையாக இருந்தால் கணவருக்கு வேலை நிற்கிற அதே மாதம் உங்களுக்கும் நின்றுவிடும், அதனால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன். தையலோ டியூஷனோ என்றால் எடுப்பேன்.

பி.எஃப். பாஸ்புக்கில் கடைசி மாதம் எது, போன மூன்று ஏலத்தில் சீட்டு எவ்வளவு கழிவில் போனது, இந்த இரண்டையும் பார்த்து எழுதுங்கள். சீட்டை இந்த மாதமே எடுப்பதா, இன்னும் ஒரு மாதம் பொறுப்பதா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.